"தவறிட்டார்" என்றால் போதுமா, "இறந்துட்டார்" என்றே சொல்ல வேண்டுமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். போன மாதம் நடந்த ஒரு சம்பவம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி.

68 வயதுப் பெரியவர். மூளையில் பெரிய ரத்தக்கசிவு. நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு மருத்துவர் மகனைக் கூப்பிட்டு, "இனிமே இங்க வச்சுப் பிரயோஜனம் இல்லைப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். மகன் தலையாட்டினார். வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பாவ டிஸ்சார்ஜ் பண்றாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்புறம் என்னிடம் வந்து, என்ன சாப்பாடு கொடுக்கலாம், அடுத்து எப்போது காட்ட வர வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர் சொன்னது புரிஞ்சுதாண்ணே?" என்றுதான் கேட்டேன். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றார். அதற்கு மேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

வீடு போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரியவர் இறந்துவிட்டார். அந்த அம்மா அவருக்காகக் கஞ்சி வைத்திருந்தார்களாம். மூன்றாம் நாள் மகன் பில் விஷயமாக வந்தபோது கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா தங்கச்சியக் கோயம்புத்தூர்ல இருந்து வரச் சொல்லியிருப்பேன் சிஸ்டர், அவ மூஞ்சியப் பார்க்கவே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றால் அர்த்தம் அதுதான். ஆனால் அவருக்கு அது போய்ச் சேரவில்லை. எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும்? இறப்பு நடந்த பிறகும் எங்கள் வார்டில் "எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்கிறோம், அல்லது "தவறிட்டாங்க" என்கிறோம். "செத்துட்டார்" என்று சொல்ல வாய் வருவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நேர்பேச்சு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தமிழன் அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் நேராகத்தான் பேசினான். புறநானூற்றில் "சாதலும் புதுவது அன்றே" என்று நேராகவே இருக்கிறது. காலமானார், அமரர், சிவபதவி எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. செத்தார் என்பதுதான் நம் சொல். அதையே சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி

நேர்பேச்சு சொல்வதில் பாதி சரி. சாதல் பழைய சொல்தான், சங்கப் பாட்டில் கூச்சமில்லாமல் வருகிறது. ஆனால் மென்மையாக்கிச் சொல்வதும் அதே அளவு பழையது. அதே புறநானூற்றில் பாடப்பட்டவர்களின் பெயரைப் பாருங்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். துஞ்சுதல் என்றால் தூங்குதல். அந்த அரசன் இறந்த இடத்தைச் சொல்கிறார்கள், ஆனால் தூங்கினான் என்கிறார்கள். 1054-இல் கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்ட முதலாம் இராசாதிராசனைச் சோழர் கல்வெட்டு "யானைமேல் துஞ்சின" தேவர் என்கிறது. அம்பு பட்டுச் செத்தவனுக்கும் தூக்கம்தான்.

நன்னூல் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது, மங்கலம் என்று. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் இந்த வகைதான்.

இன்னொன்று. வைகைக்கரை "இறந்துட்டார்" என்பதை நேர்ச்சொல் என்று நினைத்துக் கேட்கிறார். அதுவும் ஒரு காலத்தில் மூடிப் பேசிய சொல்தான். இறத்தல் என்றால் கடத்தல், தாண்டிப் போதல். இறந்த காலம் என்கிறோமே, கடந்த காலம் என்றுதான் பொருள். திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தில் "இறந்தார்" வருகிறது. அங்கே அது உயிர் போனவரைக் குறிக்கவில்லை, எல்லை மீறி நடந்தவரைக் குறிக்கிறது. உயிர் போனவரைச் சொல்ல வள்ளுவர் "செத்தார்" என்றும் சொல்கிறார், வேறு இடங்களில் "இறந்தார்" என்றும் சொல்கிறார். இப்படிக் "கடந்து போனார்" என்ற பொருளில் இறந்தார் நுழைந்து, பழகிப் பழகி, இன்றைக்கு அதுவே நேர்ச்சொல் ஆகிவிட்டது. திரை போட்டு மூடினாலும் சில நூறு ஆண்டுகளில் அந்தத் திரையும் உடம்போடு ஒட்டிவிடுகிறது. இழவு கூட அப்படித்தான். இழப்பு என்ற மெல்லிய சொல் அது. இன்று "எழவு" திட்டும் சொல்.

---

வன்னிமேடு

நான் யாழ்ப்பாணம். எங்கள் ஊரில் "செத்தவீடு" என்பது மிகச் சாதாரணமான சொல். "நாளைக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போகோணும்" என்று யாரும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு கிடையாது. ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லும்போது "செத்துப்போனார்" என்று சொல்லத் தயங்குவோம். "அவர் மோசம் போயிட்டார்" என்போம். பத்திரிகை மரண அறிவித்தலில் அமரர் என்றோ இறைபதம் எய்தினார் என்றோ வரும். ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், மூன்று விதம். ஆகவே ஒரு சொல் நல்லது, ஒரு சொல் கெட்டது என்று பிரிக்க எனக்கு விருப்பமில்லை. யார் யாரிடம் எங்கே சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

---

கொங்குமண்

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். என் பெரியப்பாவுக்குப் பதினாறாம் நாள் நினைவஞ்சலி பேனர் அடிக்கணும். "இயற்கை எய்தினார்" என்று போடலாமா, "இறைவனடி சேர்ந்தார்" என்று போடலாமா? பிரிண்டிங் கடையில் அவர்களே ஏதோ ஒன்று போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

---

ஏட்டுச்சுவடி

கொங்குமண், உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். இந்த இழையின் கேள்வி கொஞ்சம் வேறு, ஆனாலும் பதில் சொல்கிறேன். பெரியப்பா எப்படிப்பட்டவர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சாமி கும்பிடாதவராக, கறுப்புச் சட்டைக்காரராக இருந்திருந்தால் "இயற்கை எய்தினார்" அல்லது "மறைந்தார்". சைவர் என்றால் சிவபதவி, வைணவர் என்றால் ஆசாரியன் திருவடி, கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார்கள், முஸ்லிம்கள் வஃபாத்தானார் என்பார்கள். ஒவ்வொன்றும் இறந்தவர் எதை நம்பினார் என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் மூடிய சொல்லால் யாருக்கும் குழப்பம் வராது. செய்தி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். பேனர் மரியாதை செய்வதற்காக மட்டுமே.

---

கொங்குமண்

நன்றிங்க ஐயா. கோயில் பக்கமே போகாதவர். இயற்கை எய்தினார் என்றே போட்டுவிடுகிறேன்.

---

மலைச்சாரல்

நான் மருத்துவர். புற்றுநோய் நோயாளிகளின் கடைசிக் கட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா கடைசியாகச் சொன்னது முக்கியம். செய்தி ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் எந்தச் சொல்லும் சரி. செய்தியே அந்தச் சொல்லால்தான் போய்ச் சேர வேண்டும் என்றால் அங்கே மூடிய சொல் ஆபத்து.

வைகைக்கரை சொன்ன சம்பவத்தில் இரண்டு வேறு செய்திகள் இருக்கின்றன. "இறக்கப் போகிறார்" ஒன்று, "இறந்துவிட்டார்" இன்னொன்று. முதலாவதைச் சொல்வதுதான் கடினம், அதில்தான் நாங்கள் அதிகம் மழுப்புகிறோம். "கையில ஒண்ணும் இல்லை", "மேல இருக்கிறவர்தான் பார்த்துக்கணும்", "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க". சொல்பவருக்கு இவை மூன்றும் ஒரே பொருள். கேட்பவருக்கு, அதுவும் நான்கு நாளாகத் தூங்காமல் வராண்டாவில் உட்கார்ந்திருப்பவருக்கு, நம்பிக்கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காது போகும். டிஸ்சார்ஜ் என்றால் அவருக்குக் குணம்தான்.

நான் செய்வது இது. முதலில் உட்கார வைப்பேன், நானும் உட்காருவேன். நின்றுகொண்டு, கையில் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு சொல்வதில்லை. "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்பேன். இந்த ஒரு கேள்வியிலேயே அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அப்புறம், "கஷ்டமான விஷயம் ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு முன்னறிவிப்பு. அதற்கு ஓரிரு நொடி இடம் விடுவேன். பிறகு, "அப்பா இதிலிருந்து மீள மாட்டார். இன்னைக்கு ராத்திரியோ நாளைக்கோ இறந்துடுவார்னு நினைக்கிறோம்." அவ்வளவுதான், அதோடு வாயை மூடிவிட வேண்டும். "ஆனா" என்று ஒரு சொல் சேர்த்தால் கேட்பவர் அந்த "ஆனா"வைத்தான் பிடித்துக்கொள்வார்.

இறந்த பிறகு சொல்லும்போது ஒரு தவறு எல்லோருக்கும் நடக்கும். காலையில் பிரஷர் குறைந்தது, மருந்து ஏற்றினோம், இதயம் நின்றது, அமுக்கினோம், ஷாக் கொடுத்தோம் என்று கதையை வரிசையாகச் சொல்வோம். ஒவ்வொரு வரியிலும் அவர் நம்பிக்கையோடு காத்திருப்பார். முடிவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "உங்க அப்பா கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இறந்துட்டாங்க." கதை எல்லாம் அப்புறம், அவர் கேட்டால்.

"எக்ஸ்பயர்" வேண்டாம். ஆங்கிலம் தெரியாதவருக்குப் புரியாது. தெரிந்தவருக்கு மருந்துப் பாட்டில் ஞாபகம் வரும்.

---

வைகைக்கரை

நன்றி டாக்டர். நீங்கள் "செத்துட்டார்" என்று சொல்வதில்லை, "இறந்துட்டாங்க" என்கிறீர்கள். "தவறிட்டாங்க" ஏன் கூடாது? எங்கள் பக்கம் அதுதான் எல்லோர் வாயிலும் வரும்.

---

மலைச்சாரல்

"செத்துட்டார்" தெளிவானதுதான், ஆனால் முன்னால் இருப்பவரின் அப்பாவுக்கு அதைச் சொன்னால் அலட்சியமாகக் கேட்கும். "இறந்துட்டாங்க" தெளிவும் மரியாதையும் சேர்ந்தது, அதனால் அது. "தவறிட்டாங்க" உங்கள் ஊர்க்காரரிடம் சொன்னால் தவறே இல்லை, அங்கே அதற்கு வேறு பொருள் வராது. என் அனுபவத்தில் இரண்டு இடத்தில் அது சிக்கல். ஒன்று, வேற்று மொழிக்காரர்கள். வடமாநிலத் தொழிலாளி ஒருவர் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தபோது, அரைகுறைத் தமிழ் தெரிந்த அவருடைய நண்பரிடம் உதவியாளர் "தவறிட்டாரு" என்றார். நண்பர், "ஆமா, தவறித்தான் விழுந்தார்" என்றார். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது, குழந்தைகள்.

---

பனையோலை

குழந்தைகள் என்றதும் எழுதத் தோன்றியது. என் மாமனார் இறந்தபோது மகளுக்கு நாலரை வயது. "தாத்தா தூங்கிட்டார், சாமிகிட்ட போயிட்டார்" என்றோம். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னோம். அடுத்த இரண்டு வாரம் அவள் தூங்க மாட்டேன் என்றாள். அவள் அப்பா மதியம் கண்ணயர்ந்தால் ஓடிவந்து இமையைப் பிடித்துத் திறப்பாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வாசலிலேயே நின்று அழுகை. சாமிகிட்ட போனால் திரும்பி வரமாட்டோம் என்று நாங்களே சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் தோட்டத்தில் ஒரு மைனா செத்துக் கிடந்தது. அதைக் காட்டி, "பாரு, இது செத்துப்போச்சு. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, இனிமே எழுந்திருக்காது. தாத்தாவும் அப்படித்தான் இறந்துட்டார். தூங்கறது வேற, தூங்கினா மூச்சு இருக்கும், காலையில எழுந்திருப்போம்" என்றேன். என் கையை அவள் மூக்குக்குக் கீழே வைத்து மூச்சைக் காட்டினேன். அன்று இரவு என் மூக்கின் கீழே அவள் கையை வைத்தபடியே தூங்கினாள். அழவும் செய்தாள், ஆனால் பயம் குறைந்தது. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

---

ஏட்டுச்சுவடி

துஞ்சினார் என்ற சொல்லைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். ஒரு குழந்தை அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குறளிலேயே "துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்" என்று ஒரு வரி உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வருவது. அங்கே துஞ்சினார் உறங்குபவர், செத்தார் இறந்தவர். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வள்ளுவரும் நேர்ச்சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்.

---

ஈரோட்டான்

எல்லாம் சரி. போனில் சொல்லும்போது? எங்கள் வீட்டில் யார் இறந்தாலும், "சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா" என்றுதான் சொல்வோம். அதுதான் சரி என்பேன். என் அண்ணன் ஓசூரிலிருந்து ராத்திரி தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அம்மா போய்விட்டார் என்று தெரிந்திருந்தால் அவர் எப்படி ஓட்டியிருப்பார்? உயிரோடு வந்து சேர்ந்ததே அந்தப் பொய்யால்தான்.

---

வன்னிமேடு

எனக்கு நேர்மாறாக நடந்தது. நான் அப்போது கனடாவில். "அப்பா கொஞ்சம் சீரியஸ்" என்றார்கள். சீரியஸ் என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்னும் சில நாள் இருக்கும் என்றுதானே நினைப்போம்? லீவு எழுதிக் கொடுத்து, விலை குறைந்த டிக்கெட் பார்த்து, இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டேன். நான் இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டது. "சொன்னா நீ அந்தரப்பட்டிருப்பாய்" என்றார்கள். அந்தரப்பட்டிருப்பேன்தான். அன்றிரவே வெளிக்கிட்டும் இருப்பேன்.

---

ஈரோட்டான்

வருந்துகிறேன். வெளிநாடு என்றால் வேறு கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி ஓட்டுபவரிடம் சொல்வதை இன்னும் நான் ஏற்கவில்லை.

---

மலைச்சாரல்

ஈரோட்டான், ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் சொல்லக் கூடாது, அதில் மாற்றுக் கருத்தில்லை. அதனால்தான் நான் போனில் முதலில் கேட்பது, "எங்க இருக்கீங்க, வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" ஓட்டுகிறார் என்றால் "ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்பேன். தனியாக இருந்தால் அவர் நண்பர் ஒருவரின் எண்ணை வாங்கி, அவரை அங்கே போகச் சொல்லிவிட்டுப் பேசுவேன். "சீரியஸ்" என்ற பொய்யிலும் அவர் பதறித்தான் ஓட்டுவார். உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று இன்னும் வேகமாக ஓட்டுவார்.

---

ஈரோட்டான்

கடைசி வரி யோசிக்க வைக்கிறது. ஆனால் அந்த ராத்திரியில், வீடு முழுக்க அழுகையில், யார் நண்பர் நம்பர் தேடுவது டாக்டர்? மருத்துவமனையிலிருந்து பேசும் உங்களுக்கு முடிவது வீட்டிலிருந்து பேசும் எங்களுக்கு முடியாது.

---

கருவூலம்

கொஞ்சம் பணப் பக்கமும் சொல்கிறேன், இதோடு தொடர்புடையதுதான். கூட்டுறவு வங்கியில் 22 வருடம் இருந்தேன். கணக்கு தொடங்கும்போது நாமினி பெயர் கேட்போம். கவுன்ட்டரில் நாங்கள் கேட்கும் விதம், "நாமினி யாரைப் போடறது?" வருகிறவருக்கு அது ஒரு கட்டம், அதில் ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பார். அம்மா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும், மாற்றியிருக்க மாட்டார். வேறு சிலர் கட்டத்தைக் காலியாகவே விடுவார்கள்.

நான் கேள்வியை மாற்றிக் கேட்க ஆரம்பித்தேன். "நீங்க இறந்துட்டா இந்தப் பணத்தை நாங்க யார் கையில கொடுக்கணும்?" முதலில் முகம் மாறும். ஒருவர் "என்ன சார் காலங்காத்தால" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் கேள்வி உள்ளே போனதும் உட்கார்ந்து யோசிப்பார்கள். இன்னொன்றையும் அப்போதுதான் சொல்ல முடிந்தது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், பணம் அவருக்கே சொந்தம் ஆகிவிடாது, மற்ற வாரிசுகளுக்கும் அதில் உரிமை உண்டு. "ஏதாவது ஒண்ணுன்னா" என்று சுற்றி வளைத்துப் பேசும்போது இந்த விவரத்தைச் சொல்லவே வழியில்லை. யாருக்கு என்ன ஆனால், எது நடந்தால் என்று எதுவும் தெளிவாக இருக்காது.

---

முன்னிலவு

எனக்கு வயது 76. கருவூலம் சொல்வதைப் படித்ததும் என் வீட்டு நிலைமை நினைவுக்கு வந்தது. நான் இறந்தால் எரிக்க வேண்டுமா புதைக்க வேண்டுமா, கண்ணைத் தானம் செய்ய யாரை அழைக்க வேண்டும், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் "அபசகுனமா பேசாதீங்கப்பா, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க" என்று எழுந்து போய்விட்டார்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவர்கள் அழுது முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடும்.

என்னைப் பெரியவர் என்றோ மூத்த குடிமகன் என்றோ கூப்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை. என் சாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் வாயை மூடுகிறார்களே, அதுதான் வலிக்கிறது. மலைச்சாரல் அவர்களே, நீங்கள் பிள்ளைகளிடம் பேசும் வழி சொன்னீர்கள். தகப்பன் பிள்ளைகளிடம் எப்படி ஆரம்பிப்பது?

---

மலைச்சாரல்

ஐயா, என்னிடம் வருகிற பெரியவர்கள் சிலர் செய்வதைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட வேண்டாம். கண்கலங்காமல் கேட்கக்கூடியவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மருமகளோ தம்பி மகனோதான். அவரிடம் முதலில் சொல்லுங்கள். "இதை எனக்காகக் கேட்டுக்கோ, பதில் சொல்ல வேண்டாம்" என்று ஆரம்பியுங்கள். ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் நான்கு வரி எழுதி, கண் வங்கியின் எண்ணோடு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். "நான் இறந்தவுடன்" என்றே எழுதுங்கள். "எனக்குப் பின்" என்று எழுதினால் பதினாறாம் நாள்தான் எடுத்துப் படிப்பார்கள்.

---

முன்னிலவு

மருமகளிடம் சொல்லலாம். அவள் கேட்பாள்.

---

நேர்பேச்சு

முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். செத்தார் மட்டும்தான் தமிழ் என்றது தவறு. ஆனால் ஒன்று கேட்கிறேன். இறந்ததும் "அப்பா" போய் "பாடி" ஆகிவிடுகிறாரே, "பாடிய எப்போ தருவாங்க" என்று பெற்ற பிள்ளையே கேட்கிறானே, அதை என்னவென்று சொல்வது? அது நேர்ச்சொல்லா, மூடிய சொல்லா?

---

வைகைக்கரை

நேர்பேச்சு, உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எங்கள் வார்டில் அந்தச் சொல்லை நாங்கள்தான் முதலில் சொல்கிறோம், அவர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று இரவு நாலாம் படுக்கை அம்மா இறந்தார்கள். மகளை நாற்காலியில் உட்கார வைத்து, "உங்க அம்மா இறந்துட்டாங்கம்மா" என்று மருத்துவர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என்னிடம், "அம்மாவ எப்போ கூட்டிட்டுப் போலாம்?" என்று கேட்டாள். "அம்மாவ ஆறு மணிக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றேன்.